சோலார் பம்ப் கையேட்டில் 'டிரை ரன்' பகுதியைத் தமிழில் எழுதுவது எப்படி?

கேள்வி: "ஒரு சோலார் பம்ப் கம்பெனியின் ஆங்கிலக் கையேட்டை விவசாயிகளுக்காகத் தமிழாக்கம் செய்கிறேன். 5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார், போர்வெல்லுக்கானது. பேனல், கண்ட்ரோலர் பகுதிகள் ஓரளவு வந்துவிட்டன. டிரை ரன் பாதுகாப்பு என்ற பகுதியில்தான் சிக்கிக்கொண்டேன். 'உலர் ஓட்டப் பாதுகாப்பு' என்று போட்டேன், படித்துப் பார்த்த இரண்டு விவசாயிகளுக்கும் புரியவில்லை. என்ன செய்யலாம்?"

'டிரை ரன்' என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை வரும் இடத்தில் 'தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவது' என்று ஒருமுறை விளக்கிவிட்டால் போதும். கோவை, திருப்பூர் பக்கம் கரண்ட் மோட்டாருக்கே டிரை ரன் பிரிவென்டர் போட்டுப் பழகியவர்கள் நிறைய இருக்கிறார்கள், பிட்டரும் கடைக்காரரும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். சொல் அவ்வளவில் முடிந்தது. உங்கள் விவசாயிகளுக்குப் புரியாமல் போனதற்குப் பெரிய காரணம் வேறு என்று நினைக்கிறேன். பம்ப் தொழிலிலும் அதன் கையேடுகளைத் தமிழில் எழுதுவதிலும் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பகுதி மாட்டுகிறவருக்காக எழுதப்பட்டது. 'கண்ட்ரோலர் டிரை ரன்னைக் கண்டறிந்து பம்பை நிறுத்தும், குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் தானாக மீண்டும் தொடங்கும்' என்கிற மாதிரி இரண்டு வரி இருக்கும், கீழே ஒரு அட்டவணை இருக்கும். அதை எவ்வளவு நல்ல தமிழில் எழுதினாலும், தோட்டத்தில் மோட்டார் நின்றுபோய் நிற்கிறவருக்கு அதில் பதில் கிடையாது. அவருக்குத் தெரியவேண்டியது ஏன் நின்றது, இப்போது நான் என்ன செய்யவேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதுதான்.

அதனால் முதலில் விஷயத்தை நீங்கள் முழுதாகப் புரிந்துகொள்வது நல்லது. நீர்மூழ்கி மோட்டாருக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி. பம்ப் உறிஞ்சும் தண்ணீர் மோட்டாரின் உடம்பை உரசிக்கொண்டு மேலே போகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பம்புக்குள் இருக்கும் புஷ்களுக்கும் தண்ணீர்தான் எண்ணெய் மாதிரி வேலை செய்கிறது. தண்ணீர் இறங்கிப்போய் பம்ப் வெறுமனே சுற்றினால் முதலில் தேய்வது புஷ். நிறைய பம்புகளில் இம்பெல்லர் பிளாஸ்டிக்தான், அது சூட்டில் இளகி இறுகிக்கொள்ளும். அப்படியே விட்டால் கடைசியில் காயில் எரியும். இந்த வரிசையைக் கையேட்டில் மூன்று வரியில் சொல்லிவிடுங்கள். காயில் எரிந்து மோட்டாரை ஏற்றி இறக்கிய செலவு எவ்வளவு என்று விவசாயிக்குத் தெரியும், அதற்குமேல் எச்சரிக்கை வாசகம் வேண்டியதில்லை.

இப்போது சோலாருக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். கரண்ட் மோட்டார் ஓடினால் முழு வேகத்தில் ஓடும், இல்லையென்றால் நிற்கும். சோலாரில் வெயிலுக்குத் தகுந்த மாதிரி கண்ட்ரோலர் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. திரையில் Hz என்ற எழுத்துக்குப் பக்கத்தில் வரும் எண் அந்த வேகம்தான். உச்சி வெயிலில் 50 காட்டும், காலை ஏழு மணிக்கு 30 காட்டலாம். பம்ப் தண்ணீரைத் தூக்கும் உயரம் வேகத்தோடு அதே அளவில் குறைவதில்லை, வேகத்தின் வர்க்கத்தில் குறைகிறது. ஒரு பம்ப் 50-ல் அதிகபட்சம் 300 அடி தூக்கும் என்று வைத்துக்கொள்வோம். 35-ல் அது 210 அடி தூக்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் 147 அடிதான் தூக்கும். போரில் தண்ணீர் 180 அடியில் நின்றால், வேகம் ஏறத்தாழ 39-ஐத் தாண்டும்வரை ஒரு சொட்டுகூட மேலே வராது. மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கும், குழாயில் எதுவும் வராது. பார்க்கிறவர் போரில் தண்ணீர் இல்லை என்று நினைத்துக்கொள்வார். போரில் தண்ணீர் இருக்கிறது, வெயில்தான் போதவில்லை.

இன்னொன்றும் உண்டு. சொட்டுநீர் போட்ட தோட்டத்தில் எல்லா வால்வும் மூடியிருந்தாலோ வடிகட்டி அடைத்துக்கொண்டாலோ தண்ணீர் போக வழியிருக்காது. அப்போது மோட்டாருக்குச் சுமை குறையும், ஆம்பியர் இறங்கும். போர் நிறையத் தண்ணீர் இருந்தும் கண்ட்ரோலர் DRY RUN என்று எழுதிவிட்டு நிறுத்தலாம். ஆக, மோட்டார் ஓடித் தண்ணீர் வராமல் இருப்பதற்கோ, திடீரென்று நிற்பதற்கோ மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன: போரில் தண்ணீர் இறங்கியது, வெயில் போதாதது, தண்ணீர் போகும் வழி அடைத்தது. நிறையக் கையேடுகள் இந்த மூன்றையும் ஒரே பத்தியில் போட்டுவிடுகின்றன. உங்கள் மொழிபெயர்ப்பில் இவற்றைப் பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

கண்ட்ரோலருக்குத் தண்ணீர் இல்லை என்று எப்படித் தெரிகிறது என்பதையும் கம்பெனியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் எழுதவேண்டிய வாசகம் அதைப் பொறுத்து மாறும். ஒரு வகையில் பம்புக்குச் சற்று மேலே குழாயோடு சேர்த்துக் கட்டிய சென்சார் ஒயர் இருக்கும். தண்ணீர் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை மோட்டார் ஓடும். இந்த வகையில் பம்பை இறக்கும்போது ஒயர் உரசி அறுந்தாலோ, உப்புத் தண்ணீரில் சென்சார் முனை படிவு கட்டிக்கொண்டாலோ, தண்ணீர் இருந்தும் இல்லை என்று காட்டும். இன்னொரு வகையில் சென்சார் எதுவும் கிடையாது. மோட்டார் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்பதை வைத்துக் கண்ட்ரோலரே கணிக்கிறது. தண்ணீரைத் தூக்கும்போது அதிகம் இழுக்கும், வெறுமனே சுற்றும்போது குறைவாக இழுக்கும், அவ்வளவுதான் கணக்கு.

இரண்டாவது வகையில் ஒரு பிரச்சினை வரும். ஒரு 5 எச்.பி. மோட்டார் முழு வேகத்தில் தண்ணீரோடு 8 ஆம்பியர், தண்ணீர் இல்லாமல் 4.5 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாட்டுகிறவர் நடுவில் 6 என்று வரம்பு வைக்கிறார். மதியம் எல்லாம் சரியாக இருக்கும். காலையில் 40 Hz வேகத்தில் ஓடும்போது, தண்ணீர் நன்றாக வந்துகொண்டிருந்தாலும், மோட்டார் இழுப்பது 6-க்குக் கீழே போய்விடலாம். கண்ட்ரோலர் நிறுத்திவிடும். நல்ல கண்ட்ரோலர்கள் வேகத்தோடு சேர்த்துப் பார்த்து வரம்பைத் தாங்களே இறக்கிக்கொள்ளும். எல்லாம் அப்படி இல்லை. காலையில் தினமும் இப்படி நின்றால் விவசாயி என்ன செய்வார்? மெக்கானிக்கைக் கூப்பிட்டு 'இந்தத் தொல்லையை எடுத்துவிடு' என்பார், அவரும் டிரை ரன் பாதுகாப்பை அணைத்துவிட்டுப் போவார். சித்திரை மாதம் போரில் தண்ணீர் இறங்கும்போது காவல் எதுவும் இருக்காது. அதனால் 'காலையிலும் மேகமான நேரத்திலும் மட்டும் நிற்கிறது, மதியம் சரியாக ஓடுகிறது என்றால், பாதுகாப்பை அணைக்கச் சொல்லாதீர்கள். அளவைச் சரிசெய்யச் சொல்லுங்கள்' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கவேண்டும். ஆங்கில மூலத்தில் இல்லாவிட்டாலும் கம்பெனியின் ஒப்புதலோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மறுபடி தொடங்கும் நேரம். இதற்கு 'மறுதொடக்கக் கால தாமதம்' என்று எழுதினால் யாரும் நின்று படிக்கமாட்டார்கள். போரில் தண்ணீர் ஊறும் நேரம் என்று எழுதுங்கள், உடனே விளங்கிவிடும், ஏனென்றால் இந்த அமைப்பின் நோக்கமே அதுதான். ஒரு கணக்குப் பார்ப்போம். பதினொரு மணிக்குத் தண்ணீர் இறங்கி மோட்டார் நிற்கிறது. அந்தப் போரில் தண்ணீர் ஊறி வர 45 நிமிடம் ஆகும். கண்ட்ரோலரில் 10 நிமிடம் என்று வைத்திருக்கிறது. பத்து நிமிடத்தில் ஊறியது இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும், மறுபடி நிற்கும். மூன்று மணிக்குள் இது இருபது தடவை நடக்கும். ஒவ்வொரு தடவையும் கண்ட்ரோலர் உறுதி செய்துகொண்டு நிறுத்துவதற்குள் சில விநாடிகள் மோட்டார் வெறுமனே சுற்றித்தான் நிற்கிறது. பாதுகாப்பு வேலை செய்கிறது என்று தோன்றும், புஷ் தேய்ந்துகொண்டே இருக்கும். அதையே 45 நிமிடம் என்று வைத்தால் அந்த நான்கு மணி நேரத்தில் நான்கைந்து தடவைதான் தொடங்கும், ஒவ்வொரு தடவையும் உருப்படியாகத் தண்ணீர் வரும். பயந்துகொண்டு 2 மணி நேரம் என்று வைப்பதும் சரியில்லை. கரண்ட் மோட்டாரென்றால் ராத்திரி எடுத்துக்கொள்ளலாம், சோலாரில் போன வெயில் போனதுதான்.

ஊறும் நேரத்தை விவசாயியே கண்டுபிடிக்கலாம். வெயில் நன்றாக இருக்கும் மதியத்தில், டிரை ரன் காட்டி நின்ற பிறகு 20 நிமிடம் விட்டுக் கையால் ஆன் செய்து, தண்ணீர் எத்தனை நிமிடம் வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த நாள் 40 நிமிடம் விட்டுப் பார்க்கட்டும். எதில் அவருக்குத் திருப்தியோ அதை மெக்கானிக்கிடம் சொல்லி வைத்துக்கொள்ளலாம். கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் இதை மாற்றவேண்டி வரும் என்பதையும் எழுதுங்கள். ஒரே எச்சரிக்கை: ஒன்றிரண்டு தடவைக்குமேல் கையால் ஆன் செய்யக்கூடாது. நின்ற மோட்டாரை அடுத்தடுத்து ஆன் செய்து பார்ப்பது, கரண்ட் மோட்டார்க் காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கும் பழக்கம்.

இதையெல்லாம் வைத்து நானாக இருந்தால் அந்தப் பகுதியை ஏறத்தாழ இப்படி எழுதுவேன்:

"மோட்டார் நின்று, திரையில் DRY RUN என்று வந்தால் உடனே ஆன் செய்யாதீர்கள். முதலில் வெளியே போகும் குழாயின் வால்வு திறந்திருக்கிறதா, வடிகட்டி சுத்தமாக இருக்கிறதா பாருங்கள். மூடியிருந்தால் திறந்துவிட்டு ஒருமுறை ஆன் செய்யுங்கள். வால்வு சரியாக இருந்து, வெயிலும் நன்றாக இருந்தால், போரில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். கண்ட்ரோலரை அப்படியே விடுங்கள். தண்ணீர் ஊறியதும் அதுவே ஓடும். காலை, மாலை, மேகமான நேரத்தில் மட்டும் இப்படி நின்றால் போரில் குறை இல்லை. சர்வீஸ் எண்ணுக்குப் போன் செய்து அளவைச் சரிசெய்யச் சொல்லுங்கள்."

திரையில் வரும் எழுத்துகளைத் தமிழாக்காதீர்கள், பெட்டியில் எப்படித் தெரிகிறதோ அப்படியே ஆங்கில எழுத்தில் பெரிதாக அச்சிடுங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவரும் இரண்டு படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார். கம்பெனிக்குக் கம்பெனி இந்த எழுத்து மாறும், சிலவற்றில் வெறும் எண் மட்டும்தான் வரும். ஆகவே கையேட்டை நம்பி மட்டும் எழுதாமல் உண்மையான பெட்டியின் திரையைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூலக் கையேடு ஒரு பதிப்புக்கும் பெட்டியில் உள்ள மென்பொருள் இன்னொரு பதிப்புக்கும் இருப்பது சர்வசாதாரணம்.

ஆம்பியர் வரம்பு, எத்தனை விநாடி பொறுத்து நிறுத்துவது, குறைந்தபட்ச Hz ஆகியவை உள்ள அட்டவணையை விவசாயிக்கான பக்கங்களில் போடவேண்டாம். கடைசியில் 'மெக்கானிக்குக்கு மட்டும்' என்று தனியாக வைத்து, மாட்டிய அன்று வைத்த அளவுகளைப் பேனாவால் எழுத வெற்றுக் கட்டங்கள் விடுங்கள். அடுத்து வருகிற மெக்கானிக் எதை மாற்றினார் என்று தெரிய அதைவிட நல்ல வழி கிடையாது.

பேனல், கண்ட்ரோலர் பகுதிகள் ஓரளவு வந்துவிட்டன என்று சொன்னீர்கள், ஆனாலும் இரண்டு இடங்களை மறுபடி பாருங்கள். ஒன்று, பேனல் வரிசை பற்றிய இடத்தில் நிழல். 5 எச்.பி.-க்குப் பேனல்கள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சரமாக இணைந்திருக்கும். 335 வாட்ஸ் பேனல் என்றால் 15 வேண்டியிருக்கும். அதில் இரண்டு மூன்று பேனல்மீது தென்னை நிழல் விழுந்தாலே மொத்தத்தில் கிடைக்கும் சக்தி இறங்கும், வேகம் குறையும், மேலே சொன்னபடி தண்ணீர் நிற்கும். விவசாயி போரைச் சந்தேகப்படுவார். 'பேனல்மீது நிழல் படக்கூடாது' என்று பொதுவாகச் சொல்வதைவிட, 'தண்ணீர் குறைந்தால் முதலில் பேனலைப் பாருங்கள்: நிழல், தூசி, பறவை எச்சம்' என்று டிரை ரன் பகுதியிலேயே ஒரு வரி சேர்ப்பது அதிகம் உதவும். சுத்தம் செய்வதைக் காலையில் வெயில் ஏறும் முன் செய்யச் சொல்லுங்கள், கொதிக்கும் கண்ணாடிமீது குளிர்ந்த தண்ணீர் ஊற்றக்கூடாது.

மற்றொன்று உயிர் சம்பந்தப்பட்டது, இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. 'பழுது பார்க்கும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்' என்று ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே தமிழில் போட்டுவிட்டால் ஆபத்து. கரண்ட் மோட்டாரில் பீஸைப் பிடுங்கினால் கம்பியில் எதுவும் இருக்காது, நம் விவசாயிகள் அதில் பழகியவர்கள். சோலாரில் கண்ட்ரோலரை அணைத்தாலும், பேனலிலிருந்து வரும் கம்பியில் வெளிச்சம் இருக்கும்வரை மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். நான் சொன்ன 15 பேனலைச் சேர்த்தால் ஓடாத நேரத்தில் ஏறத்தாழ 690 வோல்ட் வரும். அதுவும் நேர்மின்சாரம், ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் கம்பியின் இணைப்பைப் பிடுங்கினால் தீப்பொறி நிற்காமல் நீண்டு எரியும். எனவே வாசகம் இப்படி இருக்கட்டும்: 'முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். பிறகு பேனல் பக்கத்து ஸ்விட்சை அணையுங்கள். பெட்டியைத் திறக்காதீர்கள், அணைத்த பிறகும் உள்ளே சில நிமிடம் மின்சாரம் தங்கியிருக்கும். பகலில் பேனல் கம்பிகளை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள்.' எத்தனை நிமிடம் என்பதை மட்டும் உங்கள் கண்ட்ரோலரின் கையேட்டில் இருக்கும் எண்ணிலிருந்தே எடுங்கள், பொதுவாக எழுதாதீர்கள்.

அளவுகளையும் ஒருமுறை பாருங்கள். கையேடு மீட்டரில் இருக்கும், தோட்டத்தில் போர் ஆழமும் மோட்டார் இறக்கிய ஆழமும் அடியில்தான் பேசப்படுகின்றன. அடியை முன்னால் போட்டு மீட்டரை அப்புறம் போடுங்கள். மீட்டரை 3.28-ஆல் பெருக்கி வரும் எண்ணை அப்படியே தசமத்தோடு எழுதாமல் ஐந்தடிக்கு முழுமையாக்கிவிடுங்கள்.

அச்சுக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். எழுதியதைக் கொடுத்து 'புரிகிறதா' என்று கேட்டால் எல்லோரும் மரியாதைக்குப் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். சோலார் பம்ப் வைத்திருக்கும் ஒருவரின் தோட்டத்துக்கு மதியத்தில் போய், அவருடைய பிட்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெளிக்குழாய் வால்வை மெல்ல மூடச் சொல்லுங்கள். சென்சார் இல்லாத வகையாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் கண்ட்ரோலர் நிறுத்திவிட வாய்ப்பு உண்டு. ஒரு நிமிடத்துக்குள் நிற்காவிட்டால் உடனே திறந்துவிடுங்கள், நீண்ட நேரம் மூடி வைப்பதும் மோட்டாருக்கு நல்லதல்ல. நின்றுவிட்டால் உங்கள் பக்கத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு எதுவும் சொல்லாமல் நில்லுங்கள். அவர் முதலில் வால்வைப் பார்க்கப் போகிறாரா, ஆன் பட்டனை அழுத்தப் போகிறாரா என்று கவனியுங்கள். பட்டனை அழுத்தப் போனால், 'உடனே ஆன் செய்யாதீர்கள்' என்ற வரி பக்கத்தின் உச்சிக்குப் போகவேண்டும்.